மழைக்காலத்தில் மட்டும் தவறும் சராசரி: பட்டியலிலிருந்து பூச்சியங்களை நீக்கும் லூப் சிலவற்றை விட்டுவிடுகிறது

உப்புவெளி சுகி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். காலையில் கரைக்கு வரும் படகுகள் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ மீன் கொண்டுவந்தன என்பதைப் பதிந்து, தொழிலுக்குப் போன படகுகளின் சராசரிப் பிடியைச் சொல்வதற்காகப் பைதனில் ஒரு சிறிய செய்நிரல் எழுதினேன். போகாத படகுக்கு 0 என்று பதிவோம். சராசரி எடுப்பதற்கு முன் அந்தப் பூச்சியங்களை நீக்கிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

பங்குனி மாதம் முதல் இது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கையால் போட்டுப் பார்த்த நாள்களிலும் விடை சரியாகவே இருந்தது. வாடைக்காற்று தொடங்கிய பிறகுதான் சராசரி நம்ப முடியாத அளவுக்குக் குறைந்து வருகிறது. நேற்றைய கணக்கை அப்படியே தருகிறேன்.

```python
kg = [42, 0, 0, 18, 0, 0, 0, 65, 31, 0]
for x in kg:
    if x == 0:
        kg.remove(x)
print(kg, sum(kg) / len(kg))
```

விடை இப்படி வருகிறது:

```
[42, 18, 0, 65, 31, 0] 26.0
```

நான்கு படகுகள் மொத்தம் 156 கிலோ கொண்டுவந்தன. சராசரி 39 ஆக இருக்க வேண்டும். ஆறு பூச்சியங்களில் நான்கு போய்விட்டன, இரண்டு மட்டும் நிற்கின்றன. எஞ்சியவை நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இருப்பதால், லூப் கடைசிப் படகு வரை போகாமலே நின்றுவிடுகிறதோ என்று நினைக்கிறேன். மொத்தக் கிலோ சரியாக இருந்தபடியால் ஒரு கிழமையாக யாரும் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கந்தளாய் வாசகன்

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் இந்தத் தரவை எக்செல் கோப்பிலிருந்து எடுத்திருப்பீர்கள். அப்படி எடுக்கும்போது சில பூச்சியங்கள் எண்ணாக வராமல் எழுத்தாக வரும். எழுத்தாக இருக்கும் `'0'` எண்ணாகிய `0` உடன் சமமாகாது. ஆகவே அவை நீங்காமல் நிற்கும். எல்லாவற்றையும் `int` வழியாகச் செலுத்திவிட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். எனக்கும் நெல் கொள்வனவுக் கணக்கில் இதே தொல்லை வந்தது.

உப்புவெளி சுகி

நன்றி. ஆனால் நான் மேலே கொடுத்த பட்டியல் கோப்பிலிருந்து வந்ததல்ல. சோதித்துப் பார்ப்பதற்காக நானே விசைப்பலகையில் தட்டிய எண்கள். எழுத்தாக ஒன்றாவது இருந்திருந்தால் `sum` அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும் அல்லவா?

ஜாவாவிலிருந்து வந்தவன்

காரணம் தெளிவானது. நடந்துகொண்டிருக்கும் பட்டியலை நடக்கும்போதே மாற்றுகிறீர்கள். நான் பல ஆண்டுகள் ஜாவாவில் வேலை செய்தவன். அங்கே இப்படிச் செய்தால் `ConcurrentModificationException` என்று முகத்தில் அடித்தாற்போல் பிழை வரும். பைதன் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறது, அதுதான் அதன் குறை. பூச்சியத்தை நீக்கும்போது லூப்பின் எண்ணிக்கை குழம்பிப்போய் ஒன்றை விட்டுவிடுகிறது. உங்கள் செய்நிரலைப் பெரிதாக மாற்றத் தேவையில்லை, அதே லூப்பை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை தப்பியது இரண்டாம் முறை அகப்படும்.

உப்புவெளி சுகி

இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், அண்ணா. 39.0 என்று சரியாக வந்துவிட்டது. இருந்தாலும், ஏன் சரியாக வருகிறது என்பது விளங்காமல் அதைச் சங்கத்துக் கணக்கில் வைக்க மனம் ஒப்பவில்லை.

சீனன்குடா நிரலர்

ஒப்பாமல் இருந்தது நல்லது, தங்கச்சி. இரண்டு முறை ஓட்டியதால் சரிவந்தது நேற்றைய படகுகள் நின்ற ஒழுங்கினால் மட்டுமே. எட்டுப் படகுகள் தொடர்ச்சியாகப் போகாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் நான்கு பூச்சியங்கள் எஞ்சும், இரண்டாம் ஓட்டத்தில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று, நான்காவதில்தான் பட்டியல் துப்புரவாகும். எத்தனை முறை ஓட்டுவது என்பதை வானிலையைக் கேட்டா முடிவு செய்வீர்கள்?

ஜாவாக்கார நண்பர் சொன்ன காரணம் பாதி சரி. ஆனால் எண்ணிக்கை குழம்பவில்லை. எண்ணிக்கை மிகவும் ஒழுங்காகவே நடக்கிறது. இடம் மாறுவது பட்டியல்தான். இதைச் சொற்களால் விளக்குவதைவிட நீங்களே பார்ப்பது நல்லது. லூப்பின் முதல் வரிகளை மட்டும் இப்படி மாற்றி ஓட்டி, வருவதை இங்கே ஒட்டுங்கள்.

```python
for i, x in enumerate(kg):
    print(i, x, kg)
    if x == 0:
        kg.remove(x)
```

ஓட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: பட்டியலில் பத்துப் படகுகள் இருக்கின்றன, எத்தனை வரிகள் அச்சாகும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

உப்புவெளி சுகி

பத்து வரிகள் வரும் என்று நினைத்தேன். ஏழு வரிகள்தான் வந்தன.

```
0 42 [42, 0, 0, 18, 0, 0, 0, 65, 31, 0]
1 0 [42, 0, 0, 18, 0, 0, 0, 65, 31, 0]
2 18 [42, 0, 18, 0, 0, 0, 65, 31, 0]
3 0 [42, 0, 18, 0, 0, 0, 65, 31, 0]
4 0 [42, 18, 0, 0, 0, 65, 31, 0]
5 31 [42, 18, 0, 0, 65, 31, 0]
6 0 [42, 18, 0, 0, 65, 31, 0]
```

ஆனால் இங்கே எனக்கு இன்னொரு குழப்பம். கடைசிப் பூச்சியத்தை லூப் போய்ப் பார்த்திருக்கிறது. ஏழாவது வரியில் அது தெரிகிறது. பார்த்தும் அது நீங்காமல் கடைசியில் அப்படியே நிற்கிறதே, அது எப்படி?

சீனன்குடா நிரலர்

நல்ல கண். இங்கே இரண்டு காரியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; அவற்றைப் பிரித்தால்தான் விளங்கும். முதலாவதை முதலில் சொல்கிறேன்.

பட்டியலின் மேல் ஓடும் `for` லூப் மனதில் வைத்திருப்பது ஒரே ஓர் எண்ணைத்தான்: அடுத்து எத்தனையாவது இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது. எந்தெந்தப் படகுகளைப் பார்த்தாயிற்று என்ற நினைவு அதற்குக் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண் பட்டியலின் அப்போதைய நீளத்தைவிடச் சிறியதா என்று பார்க்கும், சிறியதாக இருந்தால் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துத் தந்துவிட்டு எண்ணை ஒன்று கூட்டிக்கொள்ளும், இல்லையென்றால் நின்றுவிடும். நீங்கள் அச்சிட்ட முதல் எண்கள் 0 முதல் 6 வரை ஒழுங்காக ஏறுவதைப் பாருங்கள், அங்கே எந்தத் தாவலும் இல்லை.

இப்போது 1 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் பூச்சியம் இருக்கிறது, அதை நீக்குகிறீர்கள். பட்டியலில் வெற்றிடம் இருக்க முடியாது என்பதால் பின்னால் இருந்த எல்லாமே ஓரிடம் முன்னால் நகர்கின்றன. இரண்டாம் இடத்தில் இருந்த பூச்சியம் ஒன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. லூப்போ ஒன்றாம் இடத்தைப் பார்த்து முடித்துவிட்டது, அடுத்து இரண்டாம் இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது இருப்பது 18. ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கும் வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர் அவருடைய இடத்துக்கு வருவார். பெயர் எழுதுபவர் ஆளைப் பார்க்காமல் தரையில் கீறிய கட்டங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனால், அப்படி முன்னே வந்தவரின் பெயர் எழுதப்படாது. நடப்பது அவ்வளவுதான்.

ஆகவே ஒன்றை நீக்கினால் அதற்கு அடுத்து நிற்கும் ஒன்று பார்க்கப்படாமல் போகிறது. நீங்கள் நான்கு முறை நீக்கியிருக்கிறீர்கள். கடைசி நீக்கலுக்குப் பிறகு பார்க்க வேண்டியது எதுவும் இல்லை; மற்ற மூன்று நீக்கல்களும் ஒவ்வொன்றை மறைத்தன. பத்தில் மூன்று போக ஏழு வரிகள்.

உப்புவெளி சுகி

இது விளங்குகிறது. ஆனால் இந்தக் கணக்கின்படி நிற்க வேண்டியவை, நீக்கப்பட்டதற்கு அடுத்து இருந்த பூச்சியங்கள் அல்லவா? கடைசிப் பூச்சியத்துக்கு முன்னால் இருப்பது 31. அது நீக்கப்படவே இல்லையே?

சீனன்குடா நிரலர்

அதுதான் இரண்டாவது காரியம். `kg.remove(x)` என்று எழுதும்போது, "நான் இப்போது நிற்கும் இடத்தில் உள்ளதை எடு" என்று சொல்வதாக நினைக்கிறோம். பைதன் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலைத் தொடக்கத்திலிருந்து தேடி, இந்த மதிப்புக்குச் சமமாக முதலில் அகப்படுவதை எடுத்துவிடுகிறது. உங்கள் பூச்சியங்கள் எல்லாம் ஒரே முகம் கொண்டவை. லூப் ஏழாவது வரியில் கடைசிப் பூச்சியத்தின் மேல் நின்றுகொண்டு "பூச்சியத்தை எடு" என்றது. எடுக்கப்பட்டது முன்னால் தப்பி நின்ற ஒரு பூச்சியம். அதனால் எத்தனை பூச்சியங்கள் தப்பின என்பதை உங்கள் விடை சரியாகச் சொல்கிறது. எவை தப்பின என்பதைப் பொய்யாகச் சொல்கிறது. லூப் முன்னதாகவே நின்றுவிட்டது என்று நீங்கள் சந்தேகித்ததும் அந்தப் பொய்யினால்தான்.

படகுகளுக்கு எண் கொடுத்துப் பாருங்கள். அப்போது எந்த இரண்டும் சமமாக இருக்க மாட்டா. நிற்கும் படகே நீங்கும்.

```python
p = [(1, 42), (2, 0), (3, 0), (4, 18), (5, 0),
     (6, 0), (7, 0), (8, 65), (9, 31), (10, 0)]
for r in p:
    if r[1] == 0:
        p.remove(r)
print(p)
```

உப்புவெளி சுகி

```
[(1, 42), (3, 0), (4, 18), (6, 0), (8, 65), (9, 31)]
```

இப்போது தெளிவாகத் தெரிகிறது. 2 நீங்கியதால் 3 தப்பியது, 5 நீங்கியதால் 6 தப்பியது, 7 நீங்கியது, 10 உம் நீங்கியது. ஆனால் 7 நீங்கியபோது எதுவும் தப்பவில்லையே?

சீனன்குடா நிரலர்

தப்பியது, 8 ஆம் படகு. 65 கிலோ கொண்டுவந்த படகை லூப் பார்க்கவே இல்லை. உங்கள் முதல் அச்சிலும் 65 எந்த வரியிலும் இரண்டாவதாக வரவில்லை என்பதைத் திரும்பிப் பாருங்கள். அது எப்படியும் பட்டியலில் இருக்க வேண்டிய படகு என்பதால், பார்க்காமல் விட்டது வெளியே தெரியவில்லை.

பங்குனி முதல் உங்கள் செய்நிரல் ஏன் சரியாக ஓடியது என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் ஒரு நாள் பட்டியல் எப்படி இருக்கும்?

```python
kg = [42, 0, 18, 27, 0, 65]
```

இயந்திரம் பழுதான படகு ஒன்று இங்கே, வீட்டில் காரியம் உள்ளவரின் படகு ஒன்று அங்கே. பூச்சியங்கள் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு நீக்கலும் அப்போதும் அடுத்ததை மறைத்தது. 18 உம் 65 உம் பார்க்கப்படவில்லை. மறைந்தவை மீன் பிடித்த படகுகள் என்பதால் விடை கெடவில்லை. வாடைக்காற்று எழுந்து படகுகள் கூட்டமாகக் கரையில் நின்றதும் பூச்சியங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. பிழை கார்த்திகையில் பிறக்கவில்லை, பங்குனியிலிருந்தே இருந்தது.

மூதூர் வாத்தியார்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மேலே உள்ளதைப் படித்தவுடன், சென்ற தவணை நான் பட்ட அவமானம் நினைவுக்கு வந்துவிட்டது. மாணவர் பட்டியலில் வராதவர்களை நீக்கிக்கொண்டே, வந்தவர்களுக்கு அதே லூப்பில் வரவுப் புள்ளி ஒன்று கூட்டினேன். இறுதிப் பட்டியலில் வராத பிள்ளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்த ஒரு பிள்ளைக்குப் புள்ளிகள் குறைந்து நின்றன. தாயார் வந்து கேட்டபோது என்னிடம் விடை இல்லை. இடாப்பில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் உள்ள பிள்ளை அடிக்கடி வராதவர் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சீனன்குடா நிரலர்

மிகச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், சேர். உங்களுடையது சுகியின் பிழையைவிட மோசமானது. ஏனென்றால் மீதிப் பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த அமைதியான நாளின் பட்டியலிலேயே, `total = total + x` என்று லூப்புக்குள் ஒரு வரி சேர்த்திருந்தால் 152 வர வேண்டிய இடத்தில் 69 வந்திருக்கும். மீதிப் பட்டியலோ ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்.

ஜாவாவிலிருந்து வந்தவன்

இரண்டு முறை ஓட்டச் சொன்னதை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் முறைப்பாடு நிற்கிறது. ஒரு மொழி இவ்வளவு அபாயமான ஒன்றை ஏன் தடுக்காமல் விடுகிறது? அகராதியின் மேல் ஓடிக்கொண்டே ஒன்றை நீக்கினால் இதே பைதன் `RuntimeError: dictionary changed size during iteration` என்று கத்துகிறது. `set` ஆக இருந்தாலும் கத்துகிறது. பட்டியலுக்கு மட்டும் ஏன் இந்த மௌனம்?

சீனன்குடா நிரலர்

அகராதிக்குள் ஒன்றைக் கூட்டினால் உள்ளே இருக்கும் அடுக்கே முழுவதும் மாறி அமைந்துவிடக்கூடும். அதன் பின் "அடுத்தது" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இராது. பட்டியலில் அப்படியில்லை. ஏழாவது இடம் என்றால் எப்போதும் ஏழாவது இடம்தான். பட்டியலின் மேல் ஓடிக்கொண்டே அதன் கடைசியில் புதியவற்றைச் சேர்த்து, சேர்ந்தவற்றையும் அதே ஓட்டத்தில் பார்த்து முடிக்கும் செய்நிரல்களைப் பலர் வேண்டுமென்றே எழுதுகிறார்கள். தடுத்தால் அவையும் நின்றுபோகும்.

ஜாவாவை அவ்வளவு நம்ப வேண்டாம் என்றும் சொல்வேன். `ArrayList` இல் கடைசிக்கு முந்தியதை `for` லூப்புக்குள் நீக்கிப் பாருங்கள். பிழை எதுவும் வராது. கடைசியானது பார்க்கப்படாமலே லூப் முடிந்துவிடும்.

ஜாவாவிலிருந்து வந்தவன்

சோதித்தேன். உண்மைதான், பிழை வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் எத்தனை இடங்களில் அப்படி நடந்ததோ தெரியாது. ஆனாலும் பெரும்பாலும் கத்துவது ஒருபோதும் கத்தாததைவிட மேல் என்பதே என் நிலை. கடைசியில் சேர்ப்பவர்களுக்காக நீக்குபவர்களைக் கிணற்றில் தள்ளலாமா?

சீனன்குடா நிரலர்

அதில் நீங்களும் நானும் உடன்பட மாட்டோம்; சுகியின் கணக்குக்கு வருவோம்.

நீக்குவதை விட்டுவிட்டு, வேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலில் யாரும் கை வைக்காததால் எதுவும் நகராது, எதுவும் மறையாது.

```python
kg = [x for x in kg if x != 0]
```

கிண்ணியா நிசா

அஸ்ஸலாமு அலைக்கும். `remove` ஐ விடவே மனமில்லாதவர்களுக்கு `for x in kg[:]:` என்று எழுதும் வழியும் இருக்கிறது. லூப் நகலின் மேல் ஓடும், நீக்கம் மூலத்தில் நடக்கும். ஓர் எழுத்துக்கூட்டு மட்டுமே மாறுகிறது என்பதால் பழைய செய்நிரல்களைத் திருத்தும்போது நான் இதையே செய்கிறேன். `range(len(kg))` வைத்து `del kg[i]` எழுதுவதை மட்டும் செய்ய வேண்டாம். நீளம் தொடக்கத்திலேயே பத்து என்று முடிவாகிவிடும். சுகியின் பட்டியலில் 7 ஆம் சுட்டெண் வரும்போது ஆறு எண்களே மிஞ்சியிருக்கும், `IndexError` வரும். கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால் மாத்திரம் அது சரியாக வேலை செய்யும். அப்போது நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவை.

உப்புவெளி சுகி

நிரலர் அண்ணா சொன்னதையே போட்டேன். ஆனால் இப்போது நிலைமை முன்னைவிட மோசம்! என் உண்மையான செய்நிரலில் நீக்குவது தனிச் செயற்கூறாக இருக்கிறது.

```python
def neekku(kg):
    kg = [x for x in kg if x != 0]

neekku(indru)
print(sum(indru) / len(indru))
```

விடை 15.6. அதாவது பத்துப் படகுகளுமே எண்ணப்படுகின்றன. ஒரு பூச்சியமும் நீங்கவில்லை.

கிண்ணியா நிசா

இது வேறு காரணம், சகோதரி. பழைய லூப் பட்டியலுக்குள் இறங்கி அதையே மாற்றியது. ஆகவே வெளியில் `indru` என்ற பெயரில் இருந்தவருக்கும் மாற்றம் தெரிந்தது. இந்தப் புதிய வரி ஒரு புதுப் பட்டியலைச் செய்து, செயற்கூறுக்குள் இருக்கும் `kg` என்ற பெயரை அதன்மேல் ஒட்டுகிறது. செயற்கூறு முடிந்ததும் அந்தப் பெயரும் போய்விடும், பட்டியலும் போய்விடும். வெளியில் இருப்பது தொடப்படவே இல்லை. ஒரு குறியீட்டைச் சேர்த்தால் போதும்.

```python
kg[:] = [x for x in kg if x != 0]
```

இப்போது புதிய பட்டியலில் உள்ளவை பழைய பட்டியலுக்குள்ளேயே இட்டு நிரப்பப்படும்.

சீனன்குடா நிரலர்

நிசா சொல்வது வேலை செய்யும். நான் இந்த இடத்தில் அதை எழுத மாட்டேன். `indru` பட்டியல் வேறு எதற்காவது பின்னால் தேவைப்படுமா, சுகி?

உப்புவெளி சுகி

தேவைப்படும். மாத முடிவில் எந்தப் படகு எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்ற கணக்கும் அந்தப் பட்டியல்களிலிருந்தே எடுக்க வேண்டும். ஐயையோ, இதுவரை அந்தக் கணக்கு...

சீனன்குடா நிரலர்

ஆம், பூச்சியங்களை நீக்கிய பிறகு போகாத நாள்களை எங்கிருந்து எண்ணுவீர்கள்? நாளாந்தப் பதிவை மூலமாகவே வைத்திருங்கள். செயற்கூறு புதிய பட்டியலைத் திருப்பித் தரட்டும்.

```python
def ponavai(kg):
    return [x for x in kg if x != 0]

s = ponavai(indru)
print(sum(s) / len(s))
```

கிண்ணியா நிசா

மூலப் பட்டியல் பிறகும் வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போதுமே திருப்பித் தருவதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். நான் பராமரிக்கும் ஒரு செய்நிரலில் ஒரே பட்டியலை ஐந்து இடங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே புதிய பட்டியலைத் திருப்பித் தந்தால் நான்கு இடங்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சீனன்குடா நிரலர்

ஐந்து இடங்கள் ஒரே பட்டியலைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே முதல் வருத்தம் என்பேன். ஆனால் அது உங்கள் வீடு, உங்களுக்குத்தான் தெரியும்.

உப்புவெளி சுகி

39.0 வந்துவிட்டது. கார்த்திகை முதலான எல்லா நாள்களையும் மீண்டும் ஓட்டினேன். ஒரு நாளில் மட்டும் `ZeroDivisionError: division by zero` என்று நிற்கிறது. கடும் காற்று வீசி ஒரு படகும் போகாத நாள் அது. பழைய செய்நிரல் அந்த நாளுக்கு 0.0 என்று சராசரி தந்திருந்தது.

சீனன்குடா நிரலர்

பழைய செய்நிரல் பத்துப் பூச்சியங்களில் ஐந்தை விட்டுவைத்திருக்கும். பூச்சியத்தை ஐந்தால் பிரித்தால் 0.0. பிழையே பிழையை மூடி வைத்திருந்தது. பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்று பிரிப்பதற்கு முன் பாருங்கள். வெறுமையாக இருந்தால் சராசரி என்று ஓர் எண்ணை எழுதாமல், அன்று தொழில் இல்லை என்று எழுதுங்கள். அந்த நாளில் 0.0 என்பது உண்மையும் அல்ல.

சாம்பல்தீவுப் பெரியவர்

பிள்ளைகளே, எனக்குக் கொம்பியூட்டர் எழுத்து விளங்காது. பேரன் படித்துக் காட்டினான். நாற்பது ஆண்டுகள் கடலில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். விடியப்புறம் எண்ணெய் அடித்து, வலை ஏற்றி, கடலில் இரவு முழுவதும் கிடந்து, ஒரு மீனும் இல்லாமல் வெறுங்கையோடு வந்த படகுக்குச் சங்கத்துப் பதிவில் என்ன எழுதுவீர்கள்?

உப்புவெளி சுகி

அதற்கும் 0 என்றுதான் எழுதுகிறோம், ஐயா.

சாம்பல்தீவுப் பெரியவர்

அப்படியென்றால் உங்கள் 39 உம் பொய்தானே, மகள். தொழிலுக்குப் போனவர்களின் சராசரி என்கிறீர்கள். போனவனையும் போகாதவனையும் ஒரே எழுத்தால் எழுதி, இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் அது மீன் பட்டவர்களின் சராசரி அல்லவா?

சீனன்குடா நிரலர்

இத்தனை பேர் இருந்தும் யாரும் இதைக் கேட்கவில்லை. ஐயா சொல்வது சரி. போகாத படகுக்கு 0 எழுதாமல் `None` என்று வைத்து, `x is not None` என்று தெரிந்தெடுத்தால் வெறுங்கையோடு வந்தவர் கணக்கில் நிற்பார். ஆனால் நடந்து முடிந்த மாதங்களின் பூச்சியங்களில் எது எது என்பதைப் பைதனால் சொல்ல முடியாது.

உப்புவெளி சுகி

எண்ணெய் கொடுத்த பற்றுச்சீட்டுகள் சங்கத்தில் நாள்வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணெய் எடுத்த படகு போயிருக்கும் என்று கொள்ளலாம். ஆனால் முதல் நாள் எடுத்த எண்ணெயில் மறுநாள் போனவர்களும் உண்டு. திங்கட்கிழமை செயலாளரிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை கார்த்திகை மாதச் சராசரியைப் பலகையில் ஒட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.